ஐந்நூறு வசனக் கணக்கு திரையில் செல்லுமா?

வேதாகமத்தின் நவீன மொழிபெயர்ப்புகளைக் காணொளியிலும் ஸ்லைடிலும் காட்டுகிறவர்களிடம் உரிமை பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஐந்நூறு வசனம் வரைக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை." இந்தப் பதில் பொய்யல்ல, ஆனால் அரைகுறை. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அச்சுப் புத்தகத்தில் அவை அநேகமாக யாரையும் தடுப்பதில்லை. திரையில் நீளமான பகுதிகளைக் காட்டும்போதோ அவைதான் முதலில் குறுக்கே வந்து நிற்கும். இந்த உரிம விதிகள் திரைக்கு எவ்வளவு பொருந்துகின்றன, அவற்றை நம்பி ஒருவர் எதுவரை போகலாம் என்பதை ஒரு குறிப்பிட்ட வேலையை வைத்து எடைபோடுவதே இங்கே நோக்கம்.

எடுத்துக்கொள்ளும் வேலை இது. சென்னையில் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஆராதிக்கும் சபை ஒன்று பிலிப்பியர் நிருபத்தை நான்கு காணொளிகளாக வெளியிட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகாரத்துக்கு ஒரு காணொளி. வசனங்கள் முழுவதும் இரண்டு மொழிகளிலும் திரையில் ஓட வேண்டும், பின்னணியில் ஒருவர் வாசிக்க வேண்டும், பிறகு போதகர் விளக்கம் தர வேண்டும். நிருபத்தில் மொத்தம் 104 வசனங்கள்: முதல் இரண்டு அதிகாரங்களிலும் முப்பது முப்பது, மூன்றாவதில் 21, நான்காவதில் 23. ஐந்நூறோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே பிரச்சினையே இல்லை என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஆங்கிலத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன், சுருக்கமாக என்.ஐ.வி. பிப்ளிகா நிறுவனத்தின் உரிமையில் உள்ள இந்த மொழிபெயர்ப்பு கடைசியாக 2011இல் திருத்தப்பட்டது. எழுத்து, காட்சி, மின்னணு, ஒலி ஆகிய எந்த வடிவிலும் ஐந்நூறு வசனம் வரை எழுத்துப்பூர்வ அனுமதியின்றி மேற்கோள் காட்டலாம் என்கிறது அதன் விதி. ஆனால் அதே வாக்கியத்திலேயே இரண்டு நிபந்தனைகள் உண்டு. எடுத்தாளும் வசனங்கள் வேதாகமத்தின் ஒரு முழுப் புத்தகமாக ஆகிவிடக் கூடாது. அவை இடம்பெறும் படைப்பின் மொத்த உரையில் இருபத்தைந்து சதவீதத்தை எட்டவும் கூடாது.

முதல் நிபந்தனையை நம் வேலைக்குப் பொருத்திப் பார்ப்போம். பிலிப்பியர் நிருபம் ஒரு முழுப் புத்தகம். நூற்று நான்கும் சேர்ந்தால் விதி மீறப்பட்டுவிடுகிறது, ஐந்நூறுக்கு இன்னும் வெகு தூரம் இருக்கும்போதே. நாற்பது வசனம் காட்டினாலும் நானூறு காட்டினாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் 25 வசனங்களே உள்ளன. அதை முழுதாகக் காட்டினால் இருபத்தைந்தாவது வசனத்திலேயே இலவச அனுமதி முடிந்துபோகிறது. நிருபங்களில் பெரியவை என்று சொல்லும் ரோமருக்கு 433, முதலாம் கொரிந்தியருக்கு 437. புதிய ஏற்பாட்டில் எந்த நிருபமும் ஐந்நூறு வசனத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே நிருபங்களை முழுதாக வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு ஐந்நூறு என்ற எண் ஒருபோதும் வேலை செய்யாது. அவர்களைத் தடுப்பது எப்போதும் 'முழுப் புத்தகம்' என்ற நிபந்தனைதான்.

நான்கு காணொளிகளாகப் பிரித்துவிட்டோமே, ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரம்தானே இருக்கிறது என்று வாதிடலாம். விதியில் உள்ள சொல் 'படைப்பு' என்பது. தனித்தனிக் காணொளி ஒரு படைப்பா, ஒரே தலைப்பில், ஒரே பட்டியலில், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தொடர் முழுவதும் ஒரு படைப்பா என்பதை விதி விளக்கவில்லை. அச்சுப் புத்தகத்தில் இந்தக் குழப்பம் எழாது, இரண்டு அட்டைக்கு நடுவே இருப்பதுதான் படைப்பு. திரையில் அப்படி அட்டை எதுவும் இல்லை. இந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பார்க்கிறவருக்குக் கிடைப்பது முழு நிருபம். அதைக் கொடுப்பதுதான் தொடரின் நோக்கமும். சந்தேகமுள்ள இடத்தில் உரிமையாளர் எப்படிப் படிப்பார் என்று யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

சரி, தொடரை விட்டுவிட்டு முதல் அதிகாரக் காணொளியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம். முப்பது வசனம், ஆங்கிலத்தில் தோராயமாக 650 சொற்கள். இங்கே இருபத்தைந்து சதவீத நிபந்தனை வருகிறது. திரையில் வசனங்கள் போகத் தலைப்பு, குறிப்புகள், சபையின் பெயர் என்று ஒரு 150 சொற்கள் இருக்கும். திரையில் தெரியும் எழுத்தை மட்டும் 'உரை' என்று கணக்கிட்டால் 800இல் 650, அதாவது எண்பது சதவீதத்துக்கு மேல். விதி காற்றில் பறக்கிறது. ஆனால் போதகர் பேசும் விளக்கத்தையும் உரையாகச் சேர்த்தால் கதை மாறும். நிமிடத்துக்கு 120 சொல் என்ற நிதானமான வேகத்தில் இருபத்தைந்து நிமிட விளக்கம் மூவாயிரம் சொல் ஆகும். 3,650இல் 650 என்பது பதினெட்டு சதவீதம். விதிக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது.

ஒரே காணொளி ஒரு கணக்கில் எண்பதைத் தாண்டுகிறது, இன்னொரு கணக்கில் பதினெட்டில் நிற்கிறது. எந்தக் கணக்கு சரி? விதியே 'ஒலி' வடிவையும் பெயர் சொல்லிச் சேர்ப்பதால், பேச்சையும் படைப்பின் உரையாகக் கொள்வதற்கு நியாயமான இடம் இருக்கிறது. ஒலிநாடாவில் எழுத்தே கிடையாது. அங்கே இருபத்தைந்து சதவீதம் என்று சொல்வதற்குப் பேச்சைக் கணக்கிட்டால்தான் பொருள் உண்டு. இந்த வாசிப்பை நான் ஏற்கிறேன். அப்படி ஏற்றால் கையில் எடுத்துக்கொள்ள ஓர் எளிய அளவும் கிடைக்கிறது: ஒரு நிமிட வசன வாசிப்புக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் சொந்தப் பேச்சு இருக்க வேண்டும். பிலிப்பியர் முதல் அதிகாரத்தை வாசிக்க ஐந்தரை நிமிடம் பிடித்தால், பதினேழு நிமிட விளக்கமாவது வேண்டும். பின்னணியில் இசை, திரையில் வசனம், வேறு எதுவும் இல்லை என்றால் எந்தக் கணக்கிலும் நூறு சதவீதம்தான். இன்று அதிகம் தயாராகும் 'வேத வாசிப்புக் காணொளி' என்ற வகை இந்த விதியின் கீழ் அடியோடு விழுகிறது. அது முப்பது வசனமாக இருந்தாலும் சரி, பத்து வசனமாக இருந்தாலும் சரி.

இங்கே ஒரு மறுப்பைக் கேட்டாக வேண்டும். தேவனுடைய வார்த்தைக்கு யார் உரிமை கொண்டாடுவது என்று கேட்பவர்கள் பலர். மூல கிரேக்க, எபிரெயப் பிரதிகளின் வார்த்தைகளுக்கு யாரும் உரிமை கோரவில்லை. உரிமை, மொழிபெயர்த்தவர்களின் சொல் தேர்வுக்கு. இந்தியச் சட்டத்திலும் மொழிபெயர்ப்பு தனக்கென்று பதிப்புரிமை உள்ள படைப்புதான். பல ஆண்டுகள் குழுவாக உட்கார்ந்து செய்த உழைப்பு அது. ஐந்நூறு வசனத்தை இலவசமாக விட்டுக்கொடுக்கும் பதிப்பாளரைக் கஞ்சர் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்மை இருக்கிறது. பக்கத்தை எண்ணி எழுதிய விதியைத் திரைக்கும் அப்படியே நீட்டி, 'காட்சி, மின்னணு' என்று இரண்டு சொல்லை மட்டும் சேர்த்துவிட்டு, எதை எப்படி அளப்பது என்று சொல்லாமல் விட்டது பதிப்பாளர்களின் குறை. தாராளத்துக்கு நல்ல மதிப்பெண், தெளிவுக்குக் குறைந்த மதிப்பெண் என்பதே என் கணிப்பு.

அடுத்தது இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன், இ.எஸ்.வி. பதிப்பாளர் கிராஸ்வே. இதன் இணைய அறிவிப்பு ஐந்நூறு வசனத்துக்கு மேலோ, ஒரு புத்தகத்தில் பாதிக்கு மேலோ நகலெடுக்கக் கூடாது என்கிறது. பிலிப்பியரில் பாதி 52 வசனம். முதல் இரண்டு அதிகாரங்களை ஒரே காணொளியில் வைத்தால் அறுபது; எல்லை தாண்டிவிட்டது. பழைய அச்சுப் பிரதிகளில் ஆயிரம் வசனம் வரை என்று இருக்கும். அலமாரியில் இருக்கும் பிரதியின் முன்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். பார்க்க வேண்டியது, வசனத்தை எந்த இடத்திலிருந்து நகலெடுக்கிறோமோ அந்த இடத்தில் இன்று உள்ள அறிவிப்பை.

இ.எஸ்.வி. விதிகளில் தமிழ் வாசகர்கள் நின்று படிக்க வேண்டிய இரண்டு வரிகள் உள்ளன. ஒன்று, இந்த உரையை முழுதாகவோ பகுதியாகவோ வேறு மொழிக்கு மொழிபெயர்க்கக் கூடாது. ஆங்கில வசனத்தின் கீழே போதகரே சொந்தமாகத் தமிழாக்கி ஒரு வரி போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அந்த வழக்கம் இங்கே விதிமீறல். இரண்டாவது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் எந்த வெளியீட்டிலும் இந்த உரையை மேற்கோள் காட்டக் கூடாது. யூடியூபில் காணொளியை ஏற்றும்போது உரிமம் என்ற இடத்தில் இரண்டு தெரிவுகள் இருக்கும்: வழக்கமான உரிமம், கிரியேட்டிவ் காமன்ஸ். எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்தட்டும் என்ற நல்லெண்ணத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டால், பத்து வசனம் மட்டுமே காட்டிய காணொளிகூட விதிக்கு வெளியே போய்விடும். இங்கே அளவு ஒரு பொருட்டே அல்ல. இதை முன்கூட்டியே படிக்காதவருக்கு இப்படி ஒரு வலை இருப்பது தெரியவே தெரியாது.

தமிழ்ப் பக்கம் வருவோம். சபைகளில் அதிகம் புழங்குவது இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடும் பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர்களிடம் 1995இல் வந்த திருவிவிலியம். பழைய மொழிபெயர்ப்புக்கு அடிப்படை 1871இல் வெளியான பவர் திருப்புதல் என்பதால், எல்லாமே காலாவதியான உரிமை என்று பலர் நம்புகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுப் பழைய அச்சை முன்னால் வைத்துத் தட்டச்சு செய்தால் அந்த வாதம் நிற்கும். இன்றைய செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் நிற்காது. பிந்தைய திருத்தங்கள், பத்தித் தலைப்புகள், அடிக்குறிப்புகள் ஆகியவை பதிப்பாசிரியர்களின் தனி உழைப்பு. செயலியில் இலவசமாகப் படிக்க முடிவதும் நமக்கு அனுமதியாகாது. செயலி நடத்துகிறவருக்கும் பதிப்பாளருக்கும் உள்ள ஒப்பந்தம் அது. நாம் அதில் கட்சியே இல்லை.

2019இல் வந்த இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் தமிழ் இந்த விஷயத்தில் வேறு ரகம். பிரிட்ஜ் கனெக்டிவிட்டி சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் உரிமையில் உள்ள இதற்குத் தரப்பட்டிருப்பது CC BY-SA 4.0 என்ற திறந்த உரிமம். வசன எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, சதவீதம் இல்லை, முழுப் புத்தகத்தையும் காட்டலாம், விளம்பர வருமானம் வந்தாலும் தடையில்லை. கேட்பது இரண்டுதான்: யாருடைய உரை என்று சொல்ல வேண்டும், உரையை மாற்றினால், மாற்றியதைச் சொல்லி அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். காணொளியின் முடிவிலும் விளக்கக் குறிப்பிலும் போட வேண்டிய வரி இவ்வளவுதான்:

```
வேத வசனங்கள்: இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் – தமிழ், 2019
உரிமை: பிரிட்ஜ் கனெக்டிவிட்டி சொல்யூஷன்ஸ்
உரிமம்: CC BY-SA 4.0
https://creativecommons.org/licenses/by-sa/4.0/
உரையில் மாற்றம் செய்யப்படவில்லை.
```

கடைசி வரியைப் பொய்யாக்கிவிடுவது எளிது. நம் சபைக்குப் பழகிய சொல் இதுதானே என்று ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அது திருத்தப்பட்ட உரை. அப்போது அந்தத் திருத்தத்தை அறிவிக்க வேண்டும். உரையை அப்படியே காட்டினால் காணொளி முழுவதையும் திறந்த உரிமத்தில் விட வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்தைத் திரையில் காட்டுவது மட்டும் அதைத் தழுவல் ஆக்காது. ஆனால் இதே வகை உரிமத்தில் கிடைக்கும் வேத வாசிப்பு ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துப் படத்தோடு நேரம் பொருத்தி ஓடவிட்டால், உரிமத்தின் வாசகப்படி அது தழுவல் ஆகிறது. அப்படியானால் காணொளியும் அதே உரிமத்தில்தான் போக வேண்டும். நம் சபை தமிழுக்கு அப்படி ஓர் ஒலிப்பதிவையும் ஆங்கிலத்துக்கு இ.எஸ்.வி.யையும் எடுத்திருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்று காணொளியைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விடச் சொல்கிறது, மற்றது விடக் கூடாது என்கிறது. சபையில் ஒருவரே வாசித்துப் பதிவு செய்தால் இந்தச் சிக்கல் வராது.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, உண்மையான மதச் சடங்கு நடக்கும்போது ஓர் இலக்கியப் படைப்பை நிகழ்த்துவதையும் பொதுமக்களுக்குத் தெரிவிப்பதையும் மீறலாகக் கருதுவதில்லை. ஞாயிறு ஆராதனையில் சபைத் திரையில் வசனம் தெரிவதற்கு இந்த விலக்கு நல்ல பாதுகாப்பு. அங்கே ஐந்நூறு, இருபத்தைந்து என்று கணக்குப் பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை. ஆனால் 'நடக்கும்போது' என்பதே அதன் எல்லை. நேரலையை அதற்குள் அடக்க முயலலாம். ஆண்டுக்கணக்கில் இணையத்தில் கிடக்கும் பதிவை அடக்குவது கடினம். அதே பிரிவு விமரிசனத்துக்கும் மதிப்பீட்டுக்கும் நியாயமான அளவு எடுத்தாள இடம் தருகிறது. ஒரு வசனத்தை எடுத்து மொழிபெயர்ப்பு சரியா என்று அலசும் காணொளிக்கு அது உதவும். முழு அதிகாரத்தை ஓடவிடுவதற்கு அதை இழுத்து நீட்ட முடியாது. சட்ட விலக்கு ஆராதனைக் கூடத்துக்கு. நம் நான்கு காணொளிகளுக்கு உரிமம்தான் ஆதாரம்.

இதுவரை எச்சரிக்கை எதுவும் வந்ததில்லை, யூடியூபும் தடுக்கவில்லை என்பதைச் சிலர் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். யூடியூபின் தானியங்கிச் சோதனை ஒலியையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. வெறும் எழுத்தாக ஓடும் வசனம் எந்த மொழிபெயர்ப்பு என்று அது கண்டுபிடிக்கும் என எதிர்பார்க்க முடியாது. எச்சரிக்கை வராதது சோதனை நடக்காததன் விளைவாகவே இருக்கலாம்.

இனி நம் சபைக்குத் தீர்ப்பு. முழு நிருபத்தைத் திரையில் ஓடவிடும் இந்த வேலைக்கு என்.ஐ.வி.யும் இ.எஸ்.வி.யும் இலவச அனுமதியின் கீழ் பொருந்தா. முதலாவது முழுப் புத்தக நிபந்தனையில் விழுகிறது, இரண்டாவது பாதிப் புத்தக நிபந்தனையில். பிரித்து வெளியிடுவது இதைச் சரிசெய்யாது. அந்த மொழிபெயர்ப்புகளே வேண்டுமென்றால் படப்பிடிப்புக்கு முன்பே உரிமையாளருக்கு எழுத வேண்டும். எந்த வசனம் முதல் எந்த வசனம் வரை, எத்தனை காணொளி, எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் இருக்கும், விளம்பர வருமானம் உண்டா என்ற ஐந்து விவரமும் கடிதத்தில் இருக்க வேண்டும். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுதிக் காத்திருக்க விருப்பமில்லை என்றால் வழி சுலபம். தமிழுக்கு இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன், சபையினர் ஒருவரின் குரலில். ஆங்கிலத்துக்கு வேர்ல்டு இங்கிலீஷ் பைபிள், அல்லது 2023 ஏப்ரல் 30 அன்று உரிமையாளர்களே பொதுவுடைமையாக அறிவித்த பெரியன் ஸ்டாண்டர்ட் பைபிள். முன்னதில் உரைக்கு உரிமை இல்லை, பெயர் மட்டும் வணிகக் குறி. உரையை மாற்றினால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. கிங் ஜேம்ஸ் பதிப்பும் இந்தியாவில் தடையின்றிக் காட்டத்தக்கது. பிரிட்டனில் மட்டும் அரசச் சாசனத்தின் கீழ் அதற்குத் தனி உரிமை நீடிக்கிறது.

மாறாக, அரைமணி நேர விளக்கத்துக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு வசனம் காட்டுகிறவருக்கு என்.ஐ.வி.யின் விதி போதுமான அளவுக்குத் தாராளமானது. அவர் செய்ய வேண்டியது பதிப்பின் பெயரைச் சொல்வது. விற்பனைக்கல்லாத வெளியீட்டில் ஒவ்வொரு மேற்கோளின் முடிவிலும் NIV என்ற எழுத்துகளைப் போடுவது. விளம்பர வருமானம் வந்தால் முழு உரிமை அறிவிப்பையும் சேர்ப்பது. ஐந்நூறை மறந்துவிட்டு 'ஒன்றுக்கு மூன்று' என்ற அளவையும் 'முழுப் புத்தகமா' என்ற கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டால், திரையில் தவறு நேராது.